தங்கம் ஓர் அடி, சுரங்கப் பங்கு மூன்று அடி

2011 செப்டம்பரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் சுமார் 1,900 டாலருக்கு விற்றது. 2015 டிசம்பரில் அது 1,050 டாலர் அளவுக்கு வந்து நின்றது. நான்கு ஆண்டுகளில் 45 சதவீத இறக்கம். இது பெரிய அடிதான். ஆனால் அதே காலத்தில் தங்கச் சுரங்க கம்பெனிகளின் பங்குகள் பட்ட அடியோடு ஒப்பிட்டால் தங்கம் தப்பித்தது என்றே சொல்ல வேண்டும். உலகின் பெரிய சுரங்க கம்பெனிகளின் பங்குகளை மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் GDX என்ற அமெரிக்க ஈடிஎஃப் 66 டாலர் அளவிலிருந்து 2016 ஜனவரியில் 12 டாலர் சொச்சத்துக்கு வந்தது. 80 சதவீதத்துக்கும் மேல் காலி. அப்போது உலகின் மிகப் பெரிய தங்க உற்பத்தியாளராக இருந்த கனடாவின் பேரிக் கோல்டு பங்கு, 50 டாலருக்கு மேலிருந்து 6 டாலர் பக்கம் போனது.

அடுத்த சில மாதங்களில் காற்று திரும்பியது. 2016 கோடைக்குள் தங்கம் 30 சதவீதம்போல ஏறி 1,360 டாலரைத் தொட்டது. GDX இரண்டரை மடங்கானது. அதாவது, இறங்கும்போதும் ஏறும்போதும் சுரங்கப் பங்கு தங்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஓடியது. புதிதாக முதலீடு செய்கிறவர் 2016-ன் கணக்கை மட்டும் பார்த்து உள்ளே வருவார். 2011-ல் தொடங்கும் கணக்கையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

நம் ஊரில் இதை உணர்வதற்கு ஒரு தனித் தடை உண்டு. அந்த 45 சதவீத இறக்கம் நம் நகைக்கடைகளில் தெரியவே இல்லை. 2011 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 46 ரூபாய். 2015 கடைசியில் சுமார் 66 ரூபாய். அன்றைய விலைகளை ரூபாயில் பெருக்கிப் பாருங்கள். ஓர் அவுன்ஸ் 87,400 ரூபாயிலிருந்து 69,300 ரூபாய்க்கு வந்திருக்கிறது. இறக்கம் 21 சதவீதம்தான். இடையில் இறக்குமதி வரி ஒரு சதவீத அளவிலிருந்து 10 சதவீதமாக உயர்ந்தது. அதையும் சேர்த்தால் கடை விலையில் இறக்கம் 14 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. டாலரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக விழுந்த பொருள், நமக்குச் சற்றே மலிந்தது போலத் தெரிந்தது. “தங்கம் பெரிசா இறங்கவே இறங்காது” என்ற நம்பிக்கை அதனால்தான் நம்மிடம் இவ்வளவு உறுதியாக இருக்கிறது. சுரங்க கம்பெனி தன் தங்கத்தை விற்பது டாலர் விலையில். அதற்கு ரூபாயின் மெத்தையும் கிடையாது, நம் சுங்கவரியின் மெத்தையும் கிடையாது.

நீங்கள் வாங்குவது இடைவெளியை

ஒரு பவுன் காசு வாங்கினால் உங்களிடம் இருப்பது எட்டு கிராம் தங்கம். சுரங்க கம்பெனியின் பங்கை வாங்கினால் உங்களிடம் தங்கம் இல்லை. தங்கத்தின் விற்பனை விலைக்கும் அதை வெளியே எடுக்கும் செலவுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் உங்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

அந்தச் செலவு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். இன்றைய திறந்தவெளிச் சுரங்கங்கள் பலவற்றில் ஒரு டன் தாதுப் பாறையில் இருப்பது ஏறத்தாழ ஒரு கிராம் தங்கம். ஆலையில் அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துப் பிரிக்கும்போது அதில் 90 சதவீதம் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு கிராம் சுத்தத் தங்கத்துக்கு ஒன்பது டன் தாதுவை அரைக்க வேண்டும். ஒரு டன் தாதுவை அடைய, அதை மூடிக் கிடக்கும் வெறும் பாறை மூன்று டன்னை அகற்ற வேண்டியிருந்தால், ஒரு பவுனுக்காக நகர்த்தும் மொத்தக் கல் 36 டன். வெடிமருந்து, லாரி டயர், டீசல், மின்சாரம், சயனைடு, சம்பளம் எல்லாம் அந்த 36 டன்னுக்குத்தான். தங்கம் 1,900 டாலருக்கு விற்றாலும் 1,050 டாலருக்கு விற்றாலும் நகர்த்த வேண்டிய கல் 36 டன்தான். விலை இறங்கிய அன்றே செலவு இறங்குவதில்லை.

இதை எண்களில் பார்க்க ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒரு லட்சம் அவுன்ஸ் எடுக்கிறது. தங்கம் விற்பது 1,500 டாலருக்கு. எல்லாம் சேர்த்து ஓர் அவுன்ஸுக்கு ஆகும் செலவு 1,200. இடைவெளி 300 டாலர். தங்கம் 10 சதவீதம் ஏறி 1,650 ஆனால் இடைவெளி 450. லாபம் 50 சதவீதம் கூடிவிட்டது. தங்கம் 10 சதவீதம் இறங்கி 1,350 ஆனால் இடைவெளி 150. லாபம் பாதியாகிவிட்டது. 20 சதவீதம் இறங்கினால் லாபமே இல்லை.

இப்போது பக்கத்தில் இன்னொரு கம்பெனி. அதே ஒரு லட்சம் அவுன்ஸ், ஆனால் தாது வளமானது. செலவு 750 டாலர். இடைவெளி 750. தங்கம் 10 சதவீதம் ஏறினால் அதன் லாபம் 20 சதவீதம்தான் ஏறும். இறங்கினாலும் 20 சதவீதம்தான். இதைக் கணக்கிட எளிய வழி உண்டு. விற்பனை விலையை இடைவெளியால் வகுங்கள். முதல் கம்பெனிக்கு 1,500-ஐ 300-ஆல் வகுத்தால் 5. இரண்டாவதற்கு 1,500-ஐ 750-ஆல் வகுத்தால் 2. தங்கம் ஒரு சதவீதம் அசைந்தால் லாபம் எத்தனை சதவீதம் அசையும் என்பதுதான் இந்த எண்.

பங்கு விலை இந்த எண்ணை அப்படியே பின்பற்றாது. சந்தை இந்த ஒரு வருட லாபத்துக்கு மட்டும் விலை வைப்பதில்லை. சுரங்கத்தின் மீதி ஆயுளுக்கும் சேர்த்து வைக்கிறது. லாபம் பூஜ்யமான கம்பெனியின் பங்கும் பூஜ்யமாகாது, நாளை விலை திரும்பலாம் என்பதற்காக யாரோ ஒரு விலை தருவார்கள். அதனால் பெரிய கம்பெனிகளின் பங்குகள் பொதுவாகத் தங்கத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு அசைகின்றன. ஆனால் எந்தக் கம்பெனி அதிகம் ஆடும், எது குறைவாக ஆடும் என்ற வரிசையை இந்த வகுத்தல் சரியாகவே காட்டிவிடும். ஏறும் காலத்தில் “இந்தப் பங்குதான் மத்ததைவிட வேகமா ஓடுது” என்று உங்களுக்குச் சொல்லப்படும் பங்கு, பெரும்பாலும் செலவு அதிகமுள்ள, இடைவெளி மெலிந்த கம்பெனியாக இருக்கும். அந்த வேகம் திறமையால் வந்தது அல்ல.

செலவு எண்ணை எங்கே பார்ப்பது? உலகத் தங்கக் கவுன்சில் 2013-ல் ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தது. ஆல்-இன் சஸ்டெய்னிங் காஸ்ட், சுருக்கமாக ஏஐஎஸ்சி. வெட்டி எடுக்கும் செலவோடு, சுரங்கத்தை அதே அளவில் தொடர்ந்து ஓட்டத் தேவையான இயந்திரச் செலவு, தலைமை அலுவலகச் செலவு எல்லாம் அதில் சேரும். பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் இதைத் தருகின்றன. ஆனால் பெயரில் ‘ஆல்-இன்’ இருந்தாலும் எல்லாம் அதில் இல்லை. கடனுக்கான வட்டி இல்லை, வருமான வரி இல்லை, புதிய சுரங்கம் கட்டும் செலவு இல்லை. நம் முதல் கம்பெனிக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் வட்டி இருந்தால் அது அவுன்ஸுக்கு 100 டாலர். உண்மையான இடைவெளி 300 அல்ல, 200. நம் எண் 5-லிருந்து ஏழரைக்குத் தாவிவிடுகிறது.

தாது கல்லாகும்போது

விலை இறங்கும்போது இந்த ஆண்டு லாபம் குறைவது பாதிக் கதைதான். பூமிக்குள் இருக்கும் சொத்தும் சேர்ந்து சுருங்குகிறது. தங்கக் கட்டியில் இப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்பதால் புதியவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

சுரங்கத்தில் எந்தப் பாறை தாது, எந்தப் பாறை கழிவு என்பதைக் கல்லின் தன்மை மட்டும் தீர்மானிப்பதில்லை. தங்கத்தின் விலையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. வெட்டி மேலே கொண்டுவந்துவிட்ட ஒரு டன் பாறையை ஆலைக்கு அனுப்பி அரைக்க 20 டாலர் ஆகிறது என்று வையுங்கள். ஓர் அவுன்ஸ் என்பது 31.1 கிராம். அவுன்ஸ் 1,500 டாலர் என்றால் ஒரு கிராம் 48 டாலர். அதில் 90 சதவீதம் கைக்கு வருவதால் பாறையிலுள்ள ஒவ்வொரு கிராமும் 43 டாலர் தரும். டன்னுக்கு 0.46 கிராமுக்கு மேல் இருக்கும் பாறை அரைக்கக் கட்டுப்படியாகும். அவுன்ஸ் 1,100 டாலருக்கு இறங்கினால் அந்த எல்லை 0.63 கிராமுக்கு ஏறிவிடுகிறது. டன்னுக்கு அரை கிராம் உள்ள பாறை நேற்று வரை தாது. இன்று கழிவுக் குன்றுக்குப் போகும் கல். யாரும் அதைத் தொடவில்லை, ஒரு துகளும் குறையவில்லை.

இதனால்தான் ஒவ்வொரு கம்பெனியும் தன் தாது இருப்பை வெளியிடும்போது, தங்கம் என்ன விலை என்று வைத்துக் கணக்கிட்டோம் என்பதையும் சொல்கிறது. பேரிக் கம்பெனி 2012 இறுதியில் 1,500 டாலரை அடிப்படையாக வைத்து, தன்னிடம் 14 கோடி அவுன்ஸ் இருப்பதாகச் சொன்னது. 2013 இறுதியில் அடிப்படை விலையை 1,100 டாலருக்கு இறக்கியது. இருப்பு சுமார் 10.4 கோடி அவுன்ஸானது. நான்கில் ஒரு பங்கு இருப்பு ஒரே ஆண்டில் போயிற்று. அந்த ஆண்டு அது வெட்டி எடுத்த தங்கம் இதில் சிறு பகுதிதான்.

விலை ஏறும்போது இதுவே எதிர்த்திசையில் நடக்கும். கழிவு தாதுவாகும், சுரங்கத்தின் ஆயுள் நீளும். பங்குதாரருக்கு லாபத்தோடு இருப்பும் பெருகும். ஏற்றத்தின்போது சுரங்கப் பங்கு அவ்வளவு துள்ளுவதற்கு இது பெரிய காரணம்.

பேரிக் வாங்கிய கடன்

2011-ல் தங்கம் ஏறிக்கொண்டே இருந்தது. பேரிக் அந்த ஆண்டு சாம்பியாவில் தாமிரச் சுரங்கம் வைத்திருந்த ஈக்வினாக்ஸ் என்ற கம்பெனியை 730 கோடி கனடா டாலருக்கு வாங்கியது. தாமிரமும் அப்போது உச்சியில் இருந்தது. இன்னொரு பக்கம், சிலி-அர்ஜென்டினா எல்லையில் ஆண்டிஸ் மலையுச்சியில் பாஸ்குவா லாமா என்ற சுரங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. தொடங்கும்போது சுமார் 300 கோடி டாலர் ஆகும் என்ற மதிப்பீடு 2012-ல் 800 முதல் 850 கோடி டாலராக வீங்கியது. இரண்டுக்குமாகக் கடன் ஏறியது. 2013 நடுவில் மொத்தக் கடன் 1,500 கோடி டாலருக்கும் மேல்.

2013 ஏப்ரலில் இரண்டே வணிக நாட்களில் தங்கம் 1,560 டாலரிலிருந்து 1,350 டாலர் பக்கம் விழுந்தது. அடுத்த மாதம் சிலி அரசு, பனிப்பாறை நீரைக் காக்கும் ஏற்பாடுகள் சரியில்லை என்று பாஸ்குவா லாமாவுக்கு அபராதம் விதித்து, வேலையை நிறுத்தச் சொன்னது. அதன்பின் ஒன்று மற்றொன்றைத் தள்ளியது. அந்தச் சுரங்கத்தின் புத்தக மதிப்பில் 510 கோடி டாலரைக் கம்பெனி எழுதித் தள்ளியது. காலாண்டுக்கு 20 சென்ட் தந்துகொண்டிருந்த டிவிடெண்ட் 5 சென்ட் ஆனது. அக்டோபர் இறுதியில் பாஸ்குவா லாமா வேலையையே நிறுத்துவதாக அறிவித்தது. நவம்பரில் கடனை அடைக்க 16.35 கோடி புதிய பங்குகளை 18.35 டாலர் விலையில் விற்று 300 கோடி டாலர் திரட்டியது.

அந்தக் கடைசி வரியில் சற்று நில்லுங்கள். ஏற்கெனவே சுமார் 100 கோடி பங்குகள் இருந்தன. அதனோடு 16 கோடி சேர்ந்தது. பழைய பங்குதாரர் ஒரு பங்கையும் விற்கவில்லை. ஆனால் கம்பெனியின் தங்கத்தில் அவருக்கிருந்த பாத்தியதை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்தது. பின்னால் தங்கம் ஏறியபோது அந்த ஏற்றத்தைப் புதியவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. பங்கு 50 டாலருக்கு விற்றபோது திரட்டியிருந்தால் இதே பணத்துக்கு 6 கோடி பங்குகள் போதும். ஆனால் உச்சியில் யாரும் திரட்டுவதில்லை. விலை விழுந்து கடன்காரர்கள் நெருக்கும்போதுதான் திரட்டுகிறார்கள்.

இறக்கத்தில் இழப்பு முழுதாக வந்து, ஏற்றத்தில் லாபம் கொஞ்சம் கசிந்து போவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, ஏறும் விலையோடு செலவும் மெல்ல ஏறிக்கொள்வது. எல்லாச் சுரங்கங்களும் ஒரே நேரத்தில் விரிவடையும்போது டயரும் இயந்திரமும் பொறியாளரும் கிடைப்பது அரிதாகிறது. வளம் குறைந்த பாறையையும் வெட்டத் தொடங்குகிறார்கள். அரசுகள் ராயல்டியைக் கூட்டுகின்றன. GDX தொடங்கிய 2006 மே மாதத்தில் தங்கம் 650 டாலர் அளவில் இருந்தது. 2019 முடிவில் 1,500 டாலரைத் தாண்டியிருந்தது. இரண்டு மடங்குக்கும் மேல். GDX அதே காலத்தில் 37 டாலர் அளவிலிருந்து 29 டாலருக்கு இறங்கியிருந்தது. பதின்மூன்று ஆண்டு பொறுமையாக வைத்திருந்தவருக்குக் கிடைத்தது இது. தங்கம் ஏறும் என்ற கணிப்பு சரியாக இருந்தும் சுரங்கப் பங்கில் நஷ்டப்பட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தங்கம் ஏறியும் பங்கு விழும் நாட்கள்

2024 அக்டோபர் 24 அன்று தங்கம் 2,700 டாலருக்கு மேல், வரலாற்று உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. உலகின் மிகப் பெரிய தங்க உற்பத்தியாளரான அமெரிக்காவின் நியூமாண்ட் பங்கு அன்று ஒரே நாளில் 15 சதவீதம்போல விழுந்தது. முந்தைய நாள் மாலை வந்த காலாண்டு முடிவில் ஏஐஎஸ்சி 1,611 டாலராக உயர்ந்திருந்தது. லாபம் சந்தை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. விலை ஏறியதைப் பார்த்துப் பெரிய இடைவெளியை எதிர்பார்த்தவர்களுக்கு, அதில் ஒரு பகுதியைச் செலவு விழுங்கிவிட்டது தெரிந்தது.

ஒற்றைச் சுரங்கத்தை நம்பிய கம்பெனியில் இது இன்னும் கடுமை. உற்பத்தி 15 சதவீதம் குறைந்தால் செலவு அதே அளவு குறையாது; லாரிகளும் ஆட்களும் அப்படியேதான் இருப்பார்கள். 10 கோடி டாலர் செலவை ஒரு லட்சம் அவுன்ஸுக்குப் பிரித்தால் தலா 1,000. 85,000 அவுன்ஸுக்குப் பிரித்தால் 1,176. விபத்தென்றால் எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடும். 2024 பிப்ரவரியில் துருக்கியின் சோப்ளர் சுரங்கத்தில், தாதுவைக் குவித்துக் கரைசல் ஊற்றும் மேடு சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் மாண்டார்கள். அதை நடத்திய எஸ்எஸ்ஆர் மைனிங் பங்கு அன்றே பாதிக்கும் மேல் மதிப்பிழந்தது. தங்கத்தின் விலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

வாங்கும் முன்

கம்பெனியின் கடைசிக் காலாண்டு அறிக்கையைத் திறந்து முதலில் ஏஐஎஸ்சி-யைப் பாருங்கள். அதோடு ஆண்டு வட்டியை உற்பத்தியால் வகுத்துச் சேருங்கள். கிடைத்த எண்ணைத் தங்கத்தின் இன்றைய விலையோடு மட்டும் ஒப்பிடாமல், அதைவிட 25 சதவீதம் குறைந்த விலையோடும் ஒப்பிடுங்கள். அந்த விலையிலும் இடைவெளி மிஞ்சினால் அந்தக் கம்பெனி ஓர் இறக்கத்தை, புதுப் பங்கு விற்காமல் கடக்க வாய்ப்புண்டு. மிஞ்சாவிட்டால், பேரிக் 2013-ல் செய்ததை அதுவும் செய்ய வேண்டிவரும்.

அடுத்து, தாது இருப்பை எந்த விலையில் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சந்தை விலைக்கு வெகு கீழே வைத்திருந்தால் நிதானமான நிர்வாகம். சந்தை விலையை ஒட்டி வைத்திருந்தால் அந்த அவுன்ஸ்களில் பலவும் முதல் இறக்கத்திலேயே காணாமல் போகும். கடந்த ஐந்து ஆண்டுகளில் மொத்தப் பங்கு எண்ணிக்கை எவ்வளவு கூடியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஆண்டறிக்கையில் ஒரு வரியில் இருக்கும், பலரும் படிக்காத வரி.

இந்தியப் பங்குச் சந்தையில் இதற்கான இடம் மிகக் குறுகல். கர்நாடகத்தின் ஹட்டி சுரங்கம் மாநில அரசுடையது, அதன் பங்கு சந்தையில் இல்லை. கோலார் 2001-லேயே மூடப்பட்டுவிட்டது. டெக்கான் கோல்டு மைன்ஸ் போன்ற ஓரிரண்டு சிறு கம்பெனிகள் உண்டு. நகைக்கடை கம்பெனிகளின் பங்குகளைத் தங்கப் பங்கு என்று சிலர் சொல்வதுண்டு. அவை விற்பனையில் சம்பாதிப்பவை, இந்த அத்தியாயத்தின் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. வெளிநாட்டுச் சுரங்க கம்பெனிகளில் முதலீடு செய்யும் டிஎஸ்பி வேர்ல்டு கோல்டு போன்ற மியூச்சுவல் ஃபண்ட் மூலம் போகலாம். பல கம்பெனிகள் இருப்பதால் ஒரு சுரங்கம் சரிந்தால் மொத்தமும் சரியாது. ஆனால் தங்கமே இறங்கினால் ஃபண்டும் காக்காது. GDX-ம் அப்படிப் பல கம்பெனிகளைக் கொண்டதுதான்.

எவ்வளவு போடலாம் என்பதற்கு, 2011 முதல் 2016 வரை நடந்தது மறுபடி நடந்தால் என்று வைத்துக் கணக்கிடுங்கள். ஒரு லட்சம் ரூபாய் 20,000 ஆகும். மீண்டும் ஒரு லட்சமாக அது ஐந்து மடங்காக வேண்டும். அந்த 80,000 போனால் வீட்டு வாடகையோ பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ தடைபடும் என்றால் தொகை அதிகம். மகளின் கல்யாணத்துக்குத் தங்கம் சேர்க்கிறவர்கள் அந்தப் பணத்தைத் தங்கத்திலேயே வைக்க வேண்டும். அவர்களுக்கு வேண்டியது எட்டு கிராம், இடைவெளி அல்ல.

ஃபண்டில் போகிறவர்கள் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பங்குகளில் இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் மொத்தமாக முதலீடு செய்வதற்கு 700 கோடி டாலர் உச்சவரம்பு இருக்கிறது. 2022-ல் அதை நெருங்கியபோது பல ஃபண்டுகள் புதுப் பணம் வாங்குவதை நிறுத்தின. விலை விழுந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் வாங்கிச் சராசரியைக் குறைக்கலாம் என்று திட்டமிட்டிருந்தால், அந்த நேரத்தில் கதவு திறந்திருக்கும் என்று எண்ணிவிடாமல், முதல் தொகையைப் போடும்போதே அது ஒன்றே கடைசித் தொகையானாலும் பரவாயில்லை என்ற அளவில் போடுங்கள்.